ஆளில்லாத டிஸ்க்குகளுக்குக் கொடுத்த வாடகை

தன்னை வேலையிலிருந்து நிறுத்திய அன்று அக்கா என்னிடம் முதலில் சொன்னது, "ஏட்டி, இனிமே நீ தனியாத்தான் பஸ்ஸு ஏறணும். சாயங்காலம் கூட்டத்துல பையை முன்னாடி போட்டுக்கோ" என்பதுதான். ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ஏதோ விளையாட்டாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பஸ் வந்து, ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. மம்சாபுரத்தில் பிறந்து எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் அலுவலகத்தில் நான் சேர்வதற்கு முன்பே இருந்தவர். முதல் நாள் நான் சாப்பாடு கொண்டுவராமல் போனபோது தன் டப்பாவின் மூடியில் பாதிச் சோற்றைத் தட்டி என் பக்கம் தள்ளியவர். அன்றிலிருந்து அக்காதான்.

எங்கள் அலுவலகம் தென்காசி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. நூற்பாலைகளுக்கும் பேண்டேஜ் துணி செய்யும் ஆலைகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம். தொழிலாளி வாசலில் விரலை வைத்தால் வருகை பதிவாகும். மாதக் கடைசியில் அதிலிருந்து சம்பளக் கணக்கு வரும். அந்த மென்பொருள் எங்கள் மாடியில் ஓடுவதில்லை. முன்பு சிங்கப்பூரிலும் இப்போது மும்பையிலும் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களில் நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம். ஒவ்வொரு ஆலைக்கும் தனியாக ஒரு மெஷின் (அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குள் பிரித்துத் தரும் ஒரு பங்குதான்), அதன் தரவுக்குத் தனியாக ஒரு டிஸ்க், ஆலை வாசலிலிருக்கும் விரல்ரேகைக் கருவி தேடி வருவதற்கு மாறாத ஒரு முகவரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஒரு பில். அது முதலாளியின் கார்டிலிருந்து தானாகப் போய்விடும்.

முதலாளி என்று எழுதுகிறேனே தவிர நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் தெலுங்கு பேசுபவர். கோபம் வந்தால் தெலுங்கில் முணுமுணுப்பார், ஆனால் யாரையும் சத்தம்போட்டு நான் பார்த்ததில்லை. ஏழு பேருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போட்டுவிட்டுத்தான் தன் வீட்டுச் செலவைப் பார்ப்பார் என்று அக்கா சொல்வார்.

அக்காவின் வேலை போன். ஆலைகளில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து காலை ஏழரைக்கே கூப்பிட ஆரம்பிப்பார்கள். "மிஷின்ல கை வெச்சா எடுக்க மாட்டேங்குது", "நேத்து நைட்டு ஷிப்டுல பாதிப் பேரு வரலன்னு காட்டுது, ஆனா வந்திருக்காவ." அக்கா பஸ்ஸில் நின்றபடியே பதில் சொல்வார். "அண்ணாச்சி, செத்த நேரம் அந்தக் கேபிளைப் பிடுங்கிட்டு மாட்டுங்க. மாட்டிட்டியளா? பச்சை லைட் வருதா?" அந்தப் பக்கம் இருப்பவரின் மகளுக்கு எப்போது கல்யாணம், அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் எப்படியாயிற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாங்கள் எழுதிய புரோகிராமில் குறை இருந்தாலும் ஆலைகள் எங்களை விடாமல் வைத்திருந்ததற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

ஆனாலும் ஆலைகள் குறைந்தன. சிலர் ஒரு ஷிப்ட் ஆக்கினார்கள், சிலர் மூடினார்கள், ஒருவர் கோயம்புத்தூர் கம்பெனிக்கு மாறினார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆலையின் மெஷினை அழித்துவிடுவோம். பில் குறைய வேண்டும். கொஞ்சம் குறையும், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. "மில்லுக்காரவ போயிட்டாவ, பில்லு மட்டும் போக மாட்டேங்குதேம்மா" என்று சார் என்னிடம் ஒருமுறை சொன்னார். பில் டாலரில் வருவதால், டாலர் ஏறியிருக்கும் என்றார் கணக்குப் பார்ப்பவர். டாலரும் ஏறித்தான் இருந்தது. அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இந்த ஏற்பாட்டையெல்லாம் முதலில் செய்தவர் எங்களோடு இருந்த ஒரு சீனியர். அவர் பெங்களூரு போய்விட்டார். போகும்போது பாஸ்வேர்டை சாரிடம் கொடுத்து, "ஓடுறதை யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் தொடவில்லை. என் வேலை புரோகிராம் எழுதுவது. புது மெஷின் வேண்டுமென்றாலோ பழையதை அழிக்க வேண்டுமென்றாலோ மட்டும் சார் உள்ளே போய், வீடியோ பார்த்து, எதையோ செய்து தருவார்.

தைப்பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசியில் சார் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆறு மணி இருக்கும். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்து, எப்போதும்போலத் தன் டிபன் டப்பாவைக் குழாயடியில் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில்தான் சொன்னார்.

"ஒருத்தரைக் குறைச்சாத்தான் தாக்குப்பிடிக்க முடியும்னாரு. புரோகிராம் எழுதுறவங்களை அனுப்ப முடியாது, போன் எடுக்குற வேலையை நீங்க ஆளுக்குக் கொஞ்சமாப் பாத்துக்கிடலாம்னு சொன்னாரு. நியாயந்தான?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"என்னத்தச் சொல்ல? அவரு அழுதுருவாரு போல இருந்துச்சு. நானே தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வாரேன்."

அவர் கணவர் ஒரு அரிசி மண்டியில் சுமை வண்டி ஓட்டுகிறவர். மகள் பிளஸ் டூ. அதைப்பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊர் வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து அவருடைய போன் என் மேஜைக்கு வந்தது. கூப்பிடுகிற எல்லாரும் முதலில் "அக்கா இல்லையா?" என்றார்கள். லீவு என்று சொன்னேன். பிறகு, வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னேன். ஒரு டைம் ஆபீஸர், "சொல்லாமக் கொள்ளாமலா போனாவ?" என்று வருத்தப்பட்டுப் போனை வைத்துவிட்டார்.

நான் அக்காவுக்குப் போன் செய்தபோதெல்லாம் "பாத்துக்கிட்டிருக்கேன் ஏட்டி" என்பார். என்ன பார்க்கிறார் என்று சொல்லவில்லை. ஒரு நாள் காலை, சத்திரப்பட்டி பக்கத்திலிருக்கும் ஒரு பேண்டேஜ் ஆலையின் வருகைப் பதிவு சரியாக வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் எங்கள் வாடிக்கையாளர்தான். பேக்கிங் பிரிவில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. அக்காவின் பெயர், அவர் கணவரின் முதலெழுத்தோடு. உள்ளே வந்த நேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். எத்தனையோ பேருக்கு எப்படி விரல் வைக்க வேண்டுமென்று போனில் சொல்லிக் கொடுத்தவர், இப்போது அதே மாதிரி ஒரு கருவியின் முன் வரிசையில் நிற்கிறார்.

அன்று நான் அவரைக் கூப்பிடவில்லை. அவர் சொல்ல விரும்பாததை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்வது? ஆனால் அதற்குப் பிறகு தினமும் காலை அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

கோடை தொடங்கிய சமயத்தில் ஒரு நூற்பாலை தன் வாசலைச் சாலையின் மறுபுறம் மாற்றி, புதுக் கருவி வாங்கியது. அதற்குப் புது முகவரி தர வேண்டும். சார் வெளியூரில் இருந்ததால் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்து, "நீயே பார்த்து ஒண்ணு எடுத்துக் குடும்மா" என்றார். நான் முதன்முதலாக அந்தக் கணக்குக்குள் தனியாகப் போனது அன்றுதான்.

புது முகவரி எடுக்கும் பக்கத்தில், ஏற்கெனவே எங்களிடம் இருக்கும் முகவரிகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது எந்த மெஷினோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் கட்டம். பாதிக்கும் மேற்பட்ட கட்டங்கள் காலியாக இருந்தன. சரி, சும்மா கிடப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், புதிது எதற்கு என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. எடுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது. ஆனால் சும்மா கிடப்பது என்ற எண்ணம் உறுத்தியது. சும்மா கிடக்கிறதா, அல்லது அதற்கும் வாடகை ஓடுகிறதா? விலைப் பக்கத்தைப் படித்தேன். எதோடும் இணையாமல் இருந்தாலும், நாம் பிடித்து வைத்திருக்கும்வரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை உண்டு.

அதன்பிறகு டிஸ்க்குகளின் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நிலை எழுதியிருக்கும். ஓடும் மெஷினில் மாட்டியிருந்தால் 'இன் யூஸ்'. சிலவற்றில் 'அவைலபிள்' என்றிருந்தது. பச்சை எழுத்தும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஏதோ நல்ல செய்தி மாதிரி அந்தச் சொல். அதற்கு அர்த்தம், அந்த டிஸ்க்கை மாட்டியிருந்த மெஷின் இப்போது இல்லை, டிஸ்க் மட்டும் இருக்கிறது என்பது. மெஷினை அழிக்கும்போது அதைத் தொடங்கி ஓடவைக்கும் டிஸ்க் தானாகவே போய்விடும். தரவுக்காகத் தனியாகச் சேர்த்த டிஸ்க், போகச் சொல்லித் தனியாகக் குறித்திருந்தால் ஒழிய, போகாது. எங்கள் டிஸ்க்குகளில் யாரும் அப்படிக் குறிக்கவில்லை. போன ஆலைகள் ஒவ்வொன்றின் டிஸ்க்கும் அங்கேயே இருந்தது, முழு வாடகையோடு.

மூன்றாவதாக ஸ்நாப்ஷாட்டுகள். டிஸ்க்கில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே எடுத்து வைக்கும் நகல் அது. பக்கம் பக்கமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் சீனியர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'சம்பளம் போடுவதற்கு முன்'. 'அப்டேட்டுக்கு முன்'. 'இன்னொரு தடவை, பத்திரம்'. 'அழிக்காதே'.

இவ்வளவும் மும்பையில். மேலே ஓரத்தில் ஊரை மாற்றுகிற ஒரு பட்டன் உண்டு. சிங்கப்பூருக்கு மாற்றினேன். நாங்கள் மும்பைக்கு மாறுவதற்கு முன்னால் இருந்த இடம் அது. அங்கே ஒரு மெஷின்கூட ஓடவில்லை. ஆனால் டிஸ்க்குகளும் முகவரிகளும் நகல்களும் இருந்தன. ஒரு ஊரைப் பார்க்கும்போது மற்ற ஊர் கண்ணில் படாது என்பதால், சாரும் ஒருநாளும் பார்த்திருக்க முடியாது. பில்லிலும் அவை தம் பெயரோடு வருவதில்லை. டிஸ்க்கும் நகலும் 'மற்றவை' என்ற வரிக்குள், முகவரிகள் நெட்வொர்க் என்ற வரிக்குள். சார் பார்த்தது மொத்தத்தைச் சொல்லும் எஸ்.எம்.எஸ். மட்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ரூபாயில் மாற்றினேன். தவறாகப் போட்டிருப்பேன் என்று மறுபடியும் போட்டேன். அக்காவின் மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக வந்தது.

எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவலி என்றேன்.

மறுநாள் சார் வந்ததும் அவர் அறைக்குப் போய்த் திரையில் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். "இது எந்த மில்லு?" "மூணு வருசம் முன்னாடி மூடினதே, அதுவா?" கடைசியில் கூட்டுத்தொகையைக் காட்டினேன். அக்காவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ தனக்குள் சொன்னார். பிறகு, "இதை நான் ஜனவரியிலேயே பாத்திருக்கணும்மா" என்றார்.

பெங்களூரு சீனியரைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் பேசினார். அவர் மேல் கோபப்படத் தயாராகத்தான் இருந்தேன்.

"முன்னாடி ஒரு மில்லோட சம்பளக் கணக்கு அழிஞ்சு போச்சே சார், ஞாபகம் இருக்கா? நூறு பேருக்கு மேல சம்பளம் லேட்டாச்சு. அதுக்குப் பொறவு எனக்குப் பயம். எதைத் தொட்டாலும் ஒரு காப்பி எடுத்து வெச்சிருவேன். மெஷினை எடுத்தா டிஸ்க்கும் போயிரும்னுதான் சார் நான் நெனச்சேன். சத்தியமாத் தெரியாது."

சார், "சரிப்பா, பரவால்ல, வேலையைப் பாரு" என்று போனை வைத்தார். கோபப்பட யாருமில்லாமல் போனது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அழிப்பதும் ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. அழித்த டிஸ்க் திரும்ப வராது. மூடிய ஆலையாக இருந்தாலும் பி.எஃப். விவகாரத்துக்கு யாராவது பழைய வருகைப் பதிவு கேட்டு வரலாம். எனவே ஒரு சின்ன மெஷினை ஓடவிட்டு, அதில் ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டி, உள்ளே இருப்பதைப் பார்த்தேன். தேவையான கணக்கை மட்டும் சுருக்கி, விலை குறைந்த சேமிப்பிடத்துக்கு மாற்றினேன். பிறகுதான் டிஸ்க்கை அழித்தேன்.

முதலில் மாட்டியது, எங்களுக்கு முதன்முதலில் வேலை கொடுத்த நூற்பாலையினுடையது. கடைசி நாள் பதிவைத் திறந்தேன். காலை ஷிப்டுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கமாக மூன்று மணிக்கு வெளியே போகிற பதிவு வரும். அன்று எல்லாருக்கும் பதினொரு மணிக்கே வெளியே போனதாக இருந்தது, ஒருவர் பின் ஒருவராக. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வேலைக்கு வந்தவர்களை நடுவில் நிறுத்திச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். போகிற போக்கிலும் பழக்கத்தில் விரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாளின் கணக்கைத்தான் இத்தனை வருஷமாக வாடகை கொடுத்து வைத்திருந்தோம். அழிக்கும் பட்டனை அழுத்த அன்று எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் செய்தேன்.

முகவரிகளை விடுவிப்பது சுலபம். ஆனால் விட்டால் அதே எண் திரும்பக் கிடைக்காது, வேறு யாருக்கோ போய்விடும். எந்த ஆலையின் கருவியாவது இன்னும் அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் போனில் கேட்ட பிறகே விடுவித்தேன். நகல்கள்தான் படுத்தின. சிலவற்றை அழிக்கவே விடவில்லை. அவற்றை வைத்துச் செய்த மெஷின் அச்சு, அதாவது புது மெஷின் உருவாக்குவதற்கான மாதிரி ஒன்று பதிவில் இருந்தது, அதை முதலில் நீக்க வேண்டியிருந்தது. பத்து நகலை அழித்தாலும் அவ்வளவு குறையவில்லை. ஒவ்வொரு நகலும் முந்தையதிலிருந்து மாறினதை மட்டுமே சேமிக்கும். மற்ற நகல்களுக்குத் தேவைப்படும் பகுதி, ஒரு நகலை அழித்தாலும் அங்கேயே தங்கிவிடும். மாத நடுவில் அழித்ததால் அந்த மாதம் பாதிதான் குறைந்தது. அதற்கடுத்த மாதம் பில் வந்தபோதுதான் சாருக்கு முழு நம்பிக்கை வந்தது. அன்றே அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா தன் வார விடுமுறையில் வந்தார். மெலிந்திருந்தார். தலைமுடியோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் கை நீட்டி எடுத்தேன், பஞ்சு. "குளிச்சாலும் போக மாட்டேங்கு" என்று சிரித்தார். பேண்டேஜ் ஆலையில் சேர்ந்தது எனக்குத் தெரியும் என்பதை அப்போதுதான் சொன்னேன். "தெரியும் ஏட்டி, உன் கம்ப்யூட்டர்லதான வரும்" என்றார். அவரும் தினம் விரல் வைக்கும்போது என்னை நினைத்திருப்பார் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

சார் நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னார். புரியாத இடத்தில் நான் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் இங்க இருக்கும்போதே இந்தத் துட்டு போய்க்கிட்டுத்தான் இருந்துச்சா சார்?"

"ஆமாம்மா."

"எம்புட்டு நாளா?"

சார் என்னைப் பார்த்தார். "வருசக்கணக்காக்கா. ஒவ்வொரு மில்லு போகப் போகக் கொஞ்சங்கொஞ்சமாச் சேந்தது" என்றேன்.

"யாருக்காக?"

"யாருக்காகவும் இல்லக்கா."

அக்கா தன் பழைய மேஜையைப் பார்த்தார். அதன் மேல் காகிதப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "ஆளே இல்லாததுக்கு வாடகை குடுத்திருக்கோம். இருந்த ஆளை அனுப்பியிருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 'குடுத்திருக்கோம்' என்றுதான் சொன்னார், இன்னும் இங்கே வேலை பார்ப்பவர் மாதிரி.

"நீ திரும்ப வந்துரும்மா" என்றார் சார். "அதே சம்பளம். கூடவும் பாக்கலாம்."

"ரெண்டு நாளு யோசிச்சிட்டுச் சொல்லுதேன் சார்."

நான் அவரைப் பஸ் நிலையம்வரை கொண்டுவிட்டேன். வந்துவிடுவார் என்று முழுதாக நம்பினேன். போகும்போது கடையில் இரண்டு பேரும் பால் சர்பத் குடித்தோம். பிறகு திரும்பி வந்து, அவர் மேஜை மேலிருந்த பெட்டிகளை இறக்கி மூலையில் வைத்துத் துடைத்தும் வைத்தேன்.

அவர் சாரைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"சார்ட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு ஏட்டி. நான் வரல."

"ஏன்க்கா? அங்க நின்னுக்கிட்டே வேலை, தூசி வேற."

"இங்க பி.எஃப். இருக்கு, ஈ.எஸ்.ஐ. இருக்கு. போன மாசம் எங்க வீட்டுக்காரவியளுக்குக் கல்லடைப்பு வந்து ஆப்பரேஷன் பண்ணோம். ஒத்தப் பைசா செலவில்ல. நம்ம ஆபீஸ்ல அது கெடையாதுல்லா?"

அது நியாயமான காரணம். அவர் அதோடு நிறுத்தவில்லை.

"அது மட்டும் இல்ல. சார் திட்டி அனுப்பியிருந்தாருன்னா ரோசத்தை விட்டுட்டு வந்திருப்பேன். அவிய நல்லவிய. அம்புட்டு நல்ல மனுசன் வாயாலயே போகச் சொல்லிக் கேட்டாச்சு. இன்னொரு தடவை அந்தக் கதவு சாத்துனா என்னால தாங்க முடியாது. நாளைக்கு இன்னும் ரெண்டு மில்லு போச்சுன்னு வையி, மறுபடி யாரை நெனைப்பாரு? என்னையத்தான நெனைப்பாரு."

அவர் சொன்னது உண்மைதான்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல ஏட்டி. நீயாவது கண்டுபிடிச்சியே" என்றார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. ஜனவரியில் யாராவது இரண்டு மணி நேரம் அந்தப் பக்கங்களைப் பார்த்திருந்தால் போதும். பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எதுவும் உடையவில்லை, யாரும் போன் பண்ணிப் புகார் சொல்லவில்லை. உடைந்தால்தான் பார்ப்பது என்று நாங்கள் எல்லாருமே பழகியிருந்தோம்.

சாரிடம் சொன்னேன். பி.எஃப். காரணத்தை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ வேற ஒண்ணும் சொல்லலையா?" என்றார். இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியாது.

அந்த வருஷ முடிவுக்குள் அக்கா சொன்ன மாதிரியே இரண்டு ஆலைகள் போயின. மிச்சப்பட்ட பணம் அந்தக் குழியை நிரப்பவே சரியாக இருந்தது. "அந்த வாடகை மட்டும் நின்னிருக்காட்டி இன்னொருத்தரையும் நான் உள்ள கூப்பிட்டிருக்கணும்மா" என்று சார் ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்த இன்னொருவர் நானாகவும் இருந்திருக்கலாம். அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய பணத்தில்தான் என் சம்பளம் ஓடுகிறது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இப்போது ஆலை ஒன்று விலகினால் மெஷினோடு டிஸ்க், முகவரி, நகல் எல்லாவற்றையும் நானே பார்த்து எடுக்கிறேன். எதைப் புதிதாகப் போட்டாலும் யாருடையது, எதுவரை என்று அதன்மேல் குறித்துவைக்கிறேன். வேலை சரியாக நடக்கிறது. மனதுக்கு அதில் ஒரு நிறைவும் இல்லை.

நாங்கள் சேர்ந்து பஸ்ஸில் போவது நின்றதோடு மற்றதும் மெல்ல நின்றது. அவருக்கு ஆலை வேன் விடிவதற்கு முன்னால் வந்துவிடும். நான் வீடு திரும்பும்போது அவர் தூங்கப் போயிருப்பார். முதலில் வாரம் ஒரு போன், பிறகு பண்டிகைக்கு ஒரு போன். பேச்சு அலுவலகத்துப் பக்கம் வந்தால் இருவருமே வேறு பக்கம் திருப்பிவிடுவோம். பழைய கதை பேசிச் சிரிப்பதற்கும் அந்த அலுவலகத்தைத் தாண்டித்தானே போக வேண்டியிருக்கிறது.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் அவரைப் பார்த்தேன். மகளோடு வந்திருந்தார். அந்தப் பெண் இப்போது சிவகாசியில் கல்லூரிக்குப் போகிறாள்.

"இவதான் ஏட்டி, நான் சொல்லுவேன்லா, ஆபீஸ்ல என் பக்கத்துலயே இருப்பா" என்று மகளிடம் என்னைக் காட்டினார். அந்தப் பெண் சிரித்தாள். எந்த ஆபீஸ் என்று அவளுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா இரண்டு சுடிதார் துணிகளைத் தூக்கிக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். நீலம் என்றேன். மகள் பச்சை என்றாள். பச்சையையே எடுத்தார்கள். இடையில் அவர் இருமினார், வறட்டு இருமல். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். "ஈ.எஸ்.ஐ.ல மாத்திரை குடுத்திருக்காவ" என்றார். கடையில் கூட்டம் தள்ளியது. "வாரேன் ஏட்டி, அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மகளின் தோளைப் பிடித்தபடி படியிறங்கினார். நான் நீலத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரர் வேறு காட்டட்டுமா என்றார். போதும் என்று மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் ஏறிய ஷேர் ஆட்டோ அதற்குள் தேரடிப் பக்கம் திரும்பிப் போயிருந்தது.